வெட்டப்பட்ட கேள்வி



சென்ற ஆண்டு ஓர் இரவு, இஷா தொழுகை முடிந்து பிள்ளைகள் எல்லாரும் வீடு திரும்பிய பிறகு, நம் மதரஸாவின் வாசலில் ஒருவர் தயங்கி நின்றார். கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் வேலை செய்பவர். காலையில் சாமல்பட்டியிலிருந்து பேருந்து ஏறி, மஃரிபுக்குள் வீடு திரும்பிவிடுபவர். உள்ளே வந்து அமர்ந்து, கைப்பேசியை எடுத்து, நாம் வெளியிட்ட ஒரு காணொளித் துணுக்கையே நமக்குப் போட்டுக் காட்டினார்.

"உஸ்தாத், இதைப் பார்த்ததிலிருந்து கடையில் லுஹரையும் அஸரையும் இரண்டு இரண்டு ரக்அத்தாகத்தான் தொழுது வருகிறேன். நான்கு மாதம் ஆகிறது. நேற்று பள்ளிவாசலில் ஒரு பெரியவர் அது கூடாது என்கிறார். ஹஜ்ரத் சொன்னது தவறா, நான் செய்தது தவறா?"

இரண்டும் அல்ல, தவறு நம்முடையது. அது எப்படி நேர்ந்தது என்பதையும், அதன் பிறகு அந்தக் கேள்வி பதில் தொடரை எவ்வாறு மாற்றி அமைத்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறோம். இன்று பல ஊர்களில் ஜமாஅத்தார் இத்தகைய தொடர்களைத் தொடங்கி வருகிறார்கள். நாம் சறுக்கிய இடத்தில் அவர்கள் சறுக்காதிருக்க இது உதவக்கூடும்.

தொடரின் நோக்கம் எளியது. நம் பகுதி இளைஞர்களில் பலர் ஓசூரின் தொழிற்சாலைகளிலும் எல்லைக்கு அப்பால் பெங்களூரிலும் வேலை செய்கிறார்கள். ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஓர் ஆலிமின் முன் சென்று அமர நேரம் வாய்ப்பதில்லை. அவர்கள் கேள்வியைக் குரல் பதிவாக அனுப்புவார்கள். பாதி தமிழில் இருக்கும், பாதி உர்தூவில் இருக்கும். நாம் அதை எழுதி ஹஜ்ரத்திடம் கொடுப்போம். அவர் பதில் சொல்ல, மதரஸாவின் மூத்த மாணவர்கள் இருவர் கைப்பேசியில் பதிவு செய்வார்கள். பிறகு அதை ஒரு நிமிடத்துக்குள் அடங்குமாறு வெட்டி வெளியிடுவோம். நீளமாக இருந்தால் எவரும் பார்ப்பதில்லை என்பது எங்கள் எல்லாரின் எண்ணமாக இருந்தது.

அந்தக் குறிப்பிட்ட கேள்வி ஓசூரில் வேலை செய்யும் ஒரு சகோதரருடையது. வீடு சாமல்பட்டியில். ஞாயிறு இரவு புறப்பட்டுச் சென்று, நண்பர்களுடன் ஓர் அறையில் தங்கி, சனிக்கிழமை மாலை திரும்புகிறார். ஓசூரில் இருக்கும்போது தொழுகையைச் சுருக்கித் தொழ வேண்டுமா என்பதே அவர் கேட்டது.

இதற்கு 'ஆம்', 'இல்லை' என்று ஒரே சொல்லில் விடை கிடையாது. முதலில் தொலைவு. சாமல்பட்டியிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் பயணத் தொலைவே அளவு. அதை நம் நாட்டு ஆலிம்களில் பலர் 48 மைல், அதாவது ஏறக்குறைய 77 கிலோமீட்டர் எனக் கணக்கிடுகிறார்கள். வேறு சில ஹனஃபி ஆலிம்கள் 92 கிலோமீட்டர் என்கிறார்கள். முதல் கணக்கில் இந்தச் சகோதரர் பயணி. இரண்டாவது கணக்கிலோ, அவர் அறை ஓசூரின் எந்த முனையில் இருக்கிறது, எந்த வழியாகச் செல்கிறார் என்பதைக்கூடக் கேட்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தங்கும் காலம். ஹனஃபி மத்ஹபில், சென்ற ஊரில் 15 நாளோ அதற்கு மேலோ தங்க நிய்யத் வைத்தால் அவர் உள்ளூர்வாசியின் சட்டத்துக்குள் வந்துவிடுவார். முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபிலோ, வந்த நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி நான்கு முழு நாள்கள் தங்க நிய்யத் வைத்தாலே பயணச் சலுகை முடிந்துவிடும். இந்தச் சகோதரர் ஞாயிறு இரவு சென்று சனி மாலை திரும்புவதால், இடையில் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து முழு நாள்கள் இருக்கின்றன. ஆகவே அவர் ஷாஃபிஈ எனில் ஓசூரில் முழுமையாகவே தொழ வேண்டும். ஹனஃபி எனில் 15 நாளுக்குக் குறைவு என்பதால் சுருக்க வேண்டும். ஓசூரின் தொழிற்சாலைகளில் ராமநாதபுரம், தூத்துக்குடி கடற்கரை ஊர்களிலிருந்து வந்த ஷாஃபிஈ சகோதரர்களும் நம் பகுதி ஹனஃபிகளும் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, அந்த அறை. அவர் எப்போதேனும் ஒரு முறை அங்கே தொடர்ச்சியாக 15 நாள் தங்கியிருந்து, தம் சாமான்களுடன் அந்த அறையை விடாமல் வைத்திருந்தால், வாரம் ஒருமுறை ஊர் வந்து போவதால் மட்டும் அவர் அங்கே பயணியாகிவிட மாட்டார் என்று இக்கால ஹனஃபி முஃப்திகளில் பலர் கூறுகிறார்கள். நான்காவதாக, பயணியாகவே இருந்தாலும் உள்ளூர் இமாமின் பின்னால் தொழும்போது நான்கு ரக்அத்தும் தொழ வேண்டும்.

ஹஜ்ரத் இதை அறியாதவரல்லர். அந்தச் சகோதரரைத் தொலைபேசியில் அழைத்து, மத்ஹபையும் அறை எடுத்த கதையையும் விசாரித்துவிட்டே பதிவுக்கு அமர்ந்தார். "உங்கள் வீடு சாமல்பட்டியில், வேலை 90 கிலோமீட்டர் தொலைவில், நீங்கள் 15 நாள் தொடர்ந்து அங்கே தங்கியதில்லை என்கிறீர்கள்" என்று தொடங்கி, ஒவ்வொன்றாக விளக்கி, மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் பேசினார். நாம் அதை 42 விநாடிகளாக வெட்டினோம். வீடு, தொலைவு, தங்கும் நாள், அறை ஆகியவை 'முன்னுரை' என்று தோன்றியதால் நீக்கப்பட்டன. எஞ்சியது இதுதான்: வேலைக்காக வெளியூர் செல்பவர் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகத் தொழ வேண்டும், ஹனஃபி மத்ஹபில் அது வெறும் சலுகையன்று, கட்டாயம்.

ஒவ்வொரு சொல்லும் ஹஜ்ரத் வாயிலிருந்து வந்ததே. நாம் எதையும் சேர்க்கவில்லை. ஆனால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவுள்ள கிருஷ்ணகிரிக்கு நாள்தோறும் சென்று வரும் ஒருவர் அதைக் கேட்டபோது, அது தமக்கே சொல்லப்பட்டதாக அவருக்குப் பட்டது. 'கட்டாயம்' என்ற சொல் இறையச்சமுள்ள அந்த மனிதரை அசைத்துவிட்டது. சோம்பலால் அவர் ரக்அத்தைக் குறைக்கவில்லை; கீழ்ப்படிதலால் குறைத்தார். அதுதான் நம்மை உறுத்தியது.

மறுநாள் அவரை ஹஜ்ரத்திடம் அழைத்துச் சென்றோம். 40 கிலோமீட்டர் எந்தக் கணக்கிலும் பயணத் தொலைவு ஆகாது; உள்ளூர்வாசி நான்கு ரக்அத்தை இரண்டாகத் தொழுதால் அந்தக் கடமை நிறைவேறாது; எனவே களாச் செய்ய வேண்டும் என்றார் ஹஜ்ரத். பிறகு மூவரும் அமர்ந்து கணக்கிட்டோம். நான்கு மாதம் என்பது 17 வாரம். வாரத்துக்கு ஆறு வேலை நாள் என்றால் 102 நாள். வெள்ளிக்கிழமைகளில் அவர் ஜும்ஆவை இமாமுடன் தொழுததால் 17 லுஹரைக் கழித்தோம். 85 லுஹர், 102 அஸர். ஆக 187 தொழுகைகள். அவர் முகம் வாடிவிட்டது. ஹஜ்ரத் அவரிடம், "ஒவ்வொரு நாளும் லுஹரோடு ஒரு லுஹர், அஸரோடு ஓர் அஸர் சேர்த்துத் தொழுங்கள். நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடும்" என்று ஆறுதலாகச் சொன்னார். அவர் சென்ற பிறகு நம்மைப் பார்த்து, "நான் ஒருவருக்குப் பதில் சொன்னேன். நீங்கள் அதை ஊருக்கே சொல்லிவிட்டீர்கள்" என்று மட்டும் கூறினார்.

அந்த வாரமே ஹஜ்ரத் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'அல்மஜ்மூஃ' நூலை எடுத்து, அதன் முன்னுரையில் ஃபத்வா வழங்குவோருக்கும் கேட்போருக்கும் உரிய ஒழுங்குகளைக் கூறும் பகுதியை நமக்குப் படித்துக் காட்டினார். ஏழாம் ஹிஜ்ரி நூற்றாண்டில், கேள்விகள் தாள் துண்டுகளில் எழுதி வந்த காலத்தில் எழுதப்பட்டது அது. விவரித்துச் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்துக்கு நிபந்தனையின்றிப் பொதுவாக விடையளிப்பது பிழை என்று அதில் கூறப்படுகிறது. இன்னொரு குறிப்பு நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. கேள்வித் தாளின் வரிகளுக்கு இடையிலோ இறுதியிலோ வெற்றிடம் இருந்தால், முஃப்தி அதில் கோடிட்டு அடைத்துவிட வேண்டும். விடை எழுதிய பிறகு யாரேனும் அந்த இடத்தில் எதையாவது சேர்த்து எழுதி, விடையைக் கெடுத்துவிடக்கூடும் என்பதே காரணம். அன்றைய ஆபத்து சேர்ப்பதில் இருந்தது. இன்றைய ஆபத்து வெட்டுவதில் இருக்கிறது. அவர்கள் தாளை அடைத்தார்கள். நாம் காணொளியை எப்படி அடைப்பது?

இதற்கு முன்னோடியாக நம் நினைவுக்கு வந்தது சவூதி வானொலியின் 'நூருன் அலத் தர்ப்' நிகழ்ச்சி. நேயர்கள் கடிதம் எழுதுவார்கள், அறிவிப்பாளர் அதைப் படிப்பார், ஆலிம் பதிலளிப்பார். 1999இல் மறைந்த ஷைகு இப்னு பாஸ் (ரஹ்) அதில் நெடுங்காலம் பதிலளித்தார். அவர்கள் பார்வையற்றவர், ஆகவே ஒவ்வொரு கடிதமும் அவர் முன் வாய்விட்டுப் படிக்கப்பட வேண்டியிருந்தது. அதனால் ஒரு நன்மை விளைந்தது. கேள்வி எவ்வளவு நீளமாக இருந்தாலும் நேயர்கள் அதையும் சேர்த்தே கேட்டார்கள். அந்தப் பதில்கள் பின்னர் நூல் தொகுதிகளாக வந்தபோதும் கேள்வியுடனே அச்சாயின. இன்று அதே பதில்கள் கேள்வி நீக்கப்பட்ட துணுக்குகளாகக் கைப்பேசிகளில் சுற்றும்போது, நாம் செய்த பிழையையே வேறு பலரும் செய்கிறார்கள் என்பது தெரிகிறது.

இதன் பின் தொடரை நிறுத்தி, இரண்டு மாதம் அமர்ந்து அதன் அமைப்பை மாற்றினோம்.

முதலில், வரும் கேள்விகளை மூன்று பைகளில் பிரித்தோம். எவர் கேட்டாலும் விடை மாறாதவை முதல் பை. ஜனாஸா தொழுகையில் தக்பீர் எத்தனை என்பது போன்றவை. கேட்பவரின் நிலையையோ மத்ஹபையோ பொறுத்து விடை மாறுபவை இரண்டாவது பை. பயணத் தொழுகை இதில்தான் வரும். பெண்கள் அணியும் தங்க நகைக்கு ஸகாத் உண்டா என்பதும் இதில் வரும். நிஸாப் அளவை எட்டினால் ஹனஃபி மத்ஹபில் உண்டு, வழக்கமான அளவில் அணியும் நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் இல்லை. மூன்றாவது பை, காணொளியில் ஒருபோதும் பதில் சொல்லக் கூடாதவை. தலாக், வாரிசுரிமை, நோயாளியின் நோன்பு ஆகியன இதில் அடங்கும். கோபத்தில் ஒருவர் மனைவியிடம் சொன்ன சொல் எது, எத்தனை முறை சொன்னார், முன்னர் எப்போதேனும் சொல்லியிருக்கிறாரா என்பதையெல்லாம் ஹஜ்ரத் இரு தரப்பையும் அழைத்துக் கேட்காமல் வாய் திறக்கமாட்டார். அந்தப் பதிலை மற்றொரு தம்பதி தங்களுக்கு எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் ஒருவர் வந்து, கொலை செய்தவனுக்குத் தவ்பா உண்டா என்று கேட்டபோது, இல்லை என்றார்கள் என ஓர் அறிவிப்பு உண்டு. தோழர்கள் வியந்து காரணம் கேட்டார்கள். வந்தவர் யாரையோ கொல்லும் சினத்துடன் இருப்பதைக் கண்டதாகக் கூறினார்கள். விசாரித்தபோது அவ்வாறே இருந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய பதில்கள் உண்டு; அவற்றுக்குக் கேமரா உதவாது.

அடுத்து, கேள்வி அனுப்புவோரிடம் நான்கு செய்திகளைக் கேட்கத் தொடங்கினோம். எந்த ஊர், எந்த மத்ஹப், இது நடந்துவிட்டதா இனி நடக்க இருப்பதா, இதில் வேறு எவருடைய உரிமையாவது கலந்திருக்கிறதா. பெயர் கேட்பதில்லை. கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று வந்தால், அது பெரும்பாலும் மூன்றாவது பைக்குப் போய்விடும்.

மூன்றாவது மாற்றம்தான் வெற்றிடத்தை அடைக்கும் கோடு. நிபந்தனையை முன்னுரையில் வைக்காமல், தீர்ப்புச் சொல்லும் அதே வாக்கியத்துக்குள் வைக்குமாறு ஹஜ்ரத்தைக் கேட்டுக்கொண்டோம். முன்பு, "நீங்கள் 90 கிலோமீட்டர் செல்கிறீர்கள்" என்பது ஒரு வாக்கியமாகவும், "சுருக்கித் தொழுங்கள்" என்பது வேறொரு வாக்கியமாகவும் இருந்தன. இரண்டுக்கும் இடையில் கத்தி நுழைய வழி இருந்தது. இப்போது அவர் இவ்வாறு சொல்கிறார்: "ஹனஃபி மத்ஹபில், 77 கிலோமீட்டரோ அதற்கு மேலோ தொலைவிலுள்ள ஊருக்குச் சென்று, அங்கே 15 நாளுக்குக் குறைவாகத் தங்க நினைப்பவர், தனியாகத் தொழும்போது நான்கு ரக்அத்தை இரண்டாகத் தொழ வேண்டும்." தமிழில் வினைமுற்று இறுதியில் வருவது இங்கே நமக்குத் துணையாகிறது. தீர்ப்பு வரும்வரை கேட்டால் நிபந்தனையையும் கேட்டே ஆக வேண்டும். அதன் பின் இன்னொரு வாக்கியம்: "நாள்தோறும் வீடு திரும்பும் தொலைவில் கிருஷ்ணகிரியில் வேலை செய்பவருக்கு இது பொருந்தாது." யாருக்குப் பொருந்தாது என்பதற்குக் கேட்போர் அறிந்த ஓர் உதாரணத்தையேனும் சொல்லாமல் இரண்டாவது பைக் கேள்வி எதையும் வெளியிடுவதில்லை.

நீளம் 90 விநாடி வரை போகலாம் என்று வைத்துக்கொண்டோம். ஹஜ்ரத் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொற்கள். ஆக 150 சொற்கள் கிடைக்கின்றன. அதற்குள் நிபந்தனைகள் அடங்காத கேள்வியை வெட்டிச் சிறிதாக்குவதில்லை. நீண்ட உரையாக விட்டுவிடுகிறோம், அல்லது கேட்டவருக்கு மட்டும் பதில் அனுப்புகிறோம். திரையின் கீழே மத்ஹபின் பெயரும் பதில் எண்ணும் தொடக்கம் முதல் இறுதி வரை நிற்கும். முதல் விநாடியில் மட்டும் காட்டினால், யாரோ நடுவிலிருந்து வெட்டிப் பரப்பும்போது அது போய்விடும்.

வெளியிடுமுன் ஒரு சோதனையும் உண்டு. கேள்வியை அறியாத மூன்று பேரிடம் துணுக்கைக் காட்டி, "இது யாருக்குச் சொன்னது?" என்று மட்டும் கேட்கிறோம். ஒருவரேனும் "எல்லாருக்கும்" என்று சொன்னால் மறுபதிவு. பிறகு முதல் 30 விநாடியை மட்டும் போட்டுப் பார்க்கிறோம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நெடுங்காலம் அந்த அளவுதான் அனுமதிக்கப்பட்டது என்பதால் நம் மக்கள் அப்படி வெட்டிப் பழகியிருக்கிறார்கள். அடுத்து கடைசி 30 விநாடி. எந்தப் பகுதி தனியே நின்று தவறான தீர்ப்பைத் தந்தாலும் வாக்கியத்தை மாற்றச் சொல்கிறோம். ஹஜ்ரத் சில வேளை சலித்துக்கொள்வார். ஆனால் 187 என்ற எண்ணை அவரும் மறக்கவில்லை.

பழைய துணுக்கை நீக்கியதால் மட்டும் அது அழிந்துவிடவில்லை. அது பல குழுமங்களுக்குப் பகிரப்பட்டு, பலருடைய கைப்பேசிகளில் இருந்தது. எனவே அதே எண்ணில், ஹஜ்ரத் அதே இடத்தில் அமர்ந்து, 'திருத்தம்' என்ற சொல்லுடன் தொடங்கும் புதிய பதிவை வெளியிட்டோம். "முன்னர் வந்தது என் பதிலின் ஒரு பகுதி மட்டுமே, அதைப் பார்த்து உள்ளூரில் சுருக்கித் தொழுதவர்கள் நம்மை அணுகவும்" என்றார் அவர். அக்கம்பக்கத்துப் பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்கவும் கேட்டுக்கொண்டோம். இன்னும் இருவர் வந்தார்கள். வராதவர்கள் எத்தனை பேர் என்பதை அல்லாஹ்வே அறிவான். அந்தக் கணக்கு நம் ஏட்டில் எழுதப்பட்டிருக்கும் என்ற அச்சம் நமக்கு இன்றும் உண்டு.

கடைக்காரச் சகோதரர் சிறு நோட்டு ஒன்றில் கோடு போட்டு வந்தார். லுஹர் பக்கம் முதலில் முடிந்தது. அஸர் பக்கமும் முடிந்த அன்று, நோட்டைக் கொண்டுவந்து நம் மேசையில் வைத்து, "உஸ்தாத், இதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கோபத்தோடு சொல்லவில்லை. புதிய பதிவுகளை வெட்ட அமரும் மாணவர்கள் கைப்பேசியைத் திறக்குமுன் அந்த நோட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த ஆலிமின் துணுக்கு உங்களுக்கு வந்தாலும், கேட்டவர் யார், அவர் நிலை என்ன என்பது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் அதைக் கொண்டு உங்கள் தொழுகையை மாற்றாதீர்கள். உங்கள் ஊர் ஆலிமிடம் உங்கள் நிலையைச் சொல்லிக் கேளுங்கள்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன். வஸ்ஸலாம்.